பெயரை மறைத்துப் பார்த்தால் தெரியும் எந்த பதில் நல்ல பதில்!

கொடைக்கானலில் என் மாமா ஆறு அறைகள் கொண்ட ஒரு சிறிய தங்கும் விடுதி நடத்துகிறார். சீசன் வந்துவிட்டால் அவருடைய போன் ஓயாது. "ரூம் இருக்கா?", "இரவு குளிர் எப்படி இருக்கும்?", "பழநி வழியா வரலாமா, வத்தலக்குண்டு வழியா வரலாமா?" என்று வாட்ஸ்அப்பில் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் மருமகன் இருக்கும்போது விடுவாரா? "மாப்ளே, இதுக்கெல்லாம் தானா பதில் சொல்ற மாதிரி ஒண்ணு செஞ்சு குடு" என்றார். நானும் ஒரு சாட்பாட் செய்து கொடுத்தேன்.

சாட்பாட் என்றால் நாம் டைப் செய்யும் கேள்விக்கு மனிதரைப் போல வாக்கியமாகப் பதில் சொல்லும் சாப்ட்வேர் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதன் உள்ளே இருந்து பதிலைத் தயாரிக்கும் மூளைக்கு மாடல் என்று பெயர். அந்த மாடலிடம் "நீ இப்படிப் பேச வேண்டும், இதைச் சொல்லலாம், அதைச் சொல்லக் கூடாது" என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உத்தரவுதான் பிராம்ப்ட். மாடலை மாற்றாமல் பிராம்ப்டை மட்டும் மாற்றினாலே பதில் தலைகீழாக மாறிவிடும்.

என்னிடம் இரண்டு பிராம்ப்டுகள் இருந்தன. பழையது, "சுருக்கமாகச் சொல், நான் கொடுத்துள்ள குறிப்பில் இருப்பதை மட்டும் சொல்" என்பது. புதியது ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதியது. "விருந்தினரை அன்போடு வரவேற்று, விளக்கமாக, சுவையாகப் பதில் சொல்" என்றது. எதைப் போடுவது? இரண்டு பதில்களையும் மாமாவிடம் காட்டி, "இது பழசு, இது நேத்து ராத்திரி நான் எழுதினது" என்றேன். அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் புதியதைக் கை காட்டினார். அவர் பதிலுக்கு மார்க் போடவில்லை, என் தூக்கம் கெட்டதற்கு மார்க் போட்டார் என்று புரிய எனக்குச் சிறிது நேரம் ஆயிற்று.

இந்தச் சிக்கலுக்கு என்றே ஒரு முறை இருக்கிறது. ஒரே கேள்விக்கு வந்த இரண்டு பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எதிலிருந்து வந்தது என்பதை மறைத்துவிட்டு, "எது மேல்?" என்று மட்டும் கேட்பது. அதை வீட்டுக் கம்ப்யூட்டரில், எக்ஸெல் மட்டும் வைத்துக்கொண்டு எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

பெரிய இடங்களில் இதைத்தான் செய்கிறார்கள்

2023-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் சாட்பாட் அரீனா என்ற தளத்தைத் தொடங்கினார்கள். நீங்கள் ஒரு கேள்வி கேட்டால், பெயர் தெரியாத இரண்டு மாடல்கள் அருகருகே பதில் தரும். இது மேல், அது மேல், இரண்டும் சமம், இரண்டும் மோசம் என்று ஓட்டுப் போடலாம். ஓட்டுப் போட்ட பிறகுதான் பெயர்கள் தெரியும். செஸ் ஆட்டக்காரர்களுக்கு ரேட்டிங் போடுவது போல, யார் யாரை ஜெயித்தார் என்ற கணக்கிலிருந்து மாடல்களுக்குத் தரவரிசை போட்டார்கள்.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியாவும் பெங்களூருவின் கார்யா நிறுவனமும் சேர்ந்து செய்து 2024-ல் வெளியிட்ட 'பரீக்ஷா' என்ற ஆய்வில், தமிழ் உள்பட 10 இந்திய மொழிகளில் 30 மாடல்களைச் சோதித்தார்கள். அந்தந்த மொழி பேசும் மக்களே மதிப்பிட்டார்கள். மொத்தம் சுமார் 90,000 மதிப்பீடுகள். அவர்கள் இரண்டு விதமாகக் கேட்டார்கள். ஒன்று, இரண்டு பதில்களை ஒப்பிடுவது. மற்றொன்று, ஒரே ஒரு பதிலைக் காட்டி மார்க் போடச் சொல்வது. மனிதர்களுக்குப் பதிலாக இன்னொரு மாடலையே மதிப்பிடச் சொல்லியும் பார்த்தார்கள். ஒப்பிடும் வேலையில் அது மனிதர்களோடு ஓரளவு ஒத்துப்போனது. மார்க் போடும் வேலையில், குறிப்பாக வங்காளம், ஒடியா போன்ற மொழிகளில், ஒத்துப்போவது குறைந்தது.

இதில் வியப்பு இல்லை. ஒரு கடையின் காபியைக் குடித்துவிட்டு பத்துக்கு எத்தனை என்று சொல்லச் சொன்னால் திணறுவோம். இரண்டு கடைக் காபியைக் குடித்துவிட்டு எது மேல் என்றால் உடனே சொல்லிவிடுவோம்.

கேள்விகளைச் சேர்ப்பது

கேள்விகளை நானே கற்பனை செய்து எழுதவில்லை. மாமாவின் வாட்ஸ்அப்பில் உண்மையில் வந்த கேள்விகளில் 30 எடுத்தேன். பெயர், போன் நம்பர் எல்லாவற்றையும் அழித்தேன். எழுத்துப் பிழைகளைத் திருத்தவில்லை, ஏனென்றால் நாளைக்கும் மக்கள் அப்படித்தான் கேட்கப் போகிறார்கள்.

ஒவ்வொரு கேள்வியையும் பழைய பிராம்ப்டுக்கு ஒரு முறை, புதியதற்கு ஒரு முறை கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் புதிய உரையாடலாகத் தொடங்க வேண்டும். முந்தைய கேள்வி திரையில் இருந்தால் அதன் வாசனை அடுத்த பதிலில் ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் ஒரே மாடல்தான். பிராம்ப்டையும் மாடலையும் சேர்த்து மாற்றினால், ஜெயித்தது எதனால் என்று பிறகு சொல்லவே முடியாது.

எக்ஸெலில் A காலத்தில் வரிசை எண், B-ல் கேள்வி, C-ல் பழைய பதில், D-ல் புதிய பதில் என்று இட்டேன். E2 செல்லில் இதை டைப் செய்து 31-ஆம் வரிசை வரை இழுத்துவிடுங்கள்:

```
=RAND()
```

ஒவ்வொரு செல்லிலும் 0-க்கும் 1-க்கும் இடையில் ஏதோ ஓர் எண் வரும். அது 0.5-க்குக் குறைந்தால் பழைய பதில் இடது பக்கம், இல்லாவிட்டால் வலது பக்கம். F2-ல் இடப்பக்கப் பதிலுக்கும் G2-ல் வலப்பக்கப் பதிலுக்கும் இந்தப் பார்முலாக்கள்:

```
=IF(E2<0.5,C2,D2)
=IF(E2<0.5,D2,C2)
```

பிறகு B, F, G காலங்களை மட்டும் வேறொரு ஃபைலில் Paste Special சென்று Values ஆக ஒட்டி, பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் போதும். படிப்பவருக்கு எது பழசு எது புதுசு என்று தெரியாது. விடைச்சாவியான E காலம் உங்கள் ஃபைலில் மட்டும் இருக்கும்.

இங்கேதான் நான் ஒரு முறை வாங்கிக் கட்டிக்கொண்டேன். RAND பார்முலா, நீங்கள் ஷீட்டில் எந்தச் செல்லில் எதை டைப் செய்தாலும் உடனே தன் எண்ணை மாற்றிக்கொள்ளும். நான் பிரிண்ட் எடுத்தபோது இருந்த எண்கள் வேறு, அத்தை 30 ஜோடிகளையும் படித்துச் சொன்ன ஓட்டுகளை டைப் செய்தபோது இருந்த எண்கள் வேறு. முதல் கேள்விக்குப் பேப்பரில் இடது பக்கம் நான்கு வரிப் பதில், திரையிலோ இடது பக்கம் பன்னிரண்டு வரிப் பதில் என்று தற்செயலாகக் கண்ணில் பட்டதால் தப்பித்தேன். பார்க்காமல் இருந்தால் தோற்றதை ஜெயித்ததாக எழுதியிருப்பேன். அத்தையின் ஒரு மதிய நேரம் வீண். "அடுத்த தடவ காபி போட்டுக் குடுத்துட்டுக் கேளு" என்றார். ஆகவே E காலத்தில் எண்கள் வந்தவுடன் அந்தக் காலத்தை Copy செய்து, அதே இடத்தில் Paste Special, Values கொடுத்து உறைய வைத்துவிடுங்கள். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

யார் படிப்பது?

மாமாவை விலக்கிவிட்டேன், அவர் ஏற்கெனவே பதில்களைப் பார்த்தவர். நானும் விலகினேன், பெயரை மறைத்தாலும் என் பிராம்ப்டின் நடை எனக்குத் தெரிந்துவிடும். புதிதாகக் கலக்கிய பேப்பர்களை அத்தை, விடுதிக்கு வண்டி ஓட்டும் டிரைவர் அண்ணன், அடுத்த தெருவில் இருக்கும் கல்லூரி மாணவி ஆகிய மூவரிடம் கொடுத்தேன். தனித்தனியாகப் படிக்க வேண்டும், ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியக் கூடாது. "எது நல்லா இருக்கு?" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் ஒருவர் தமிழ் நடையைப் பார்ப்பார், இன்னொருவர் நீளத்தைப் பார்ப்பார். "நீங்கள் ரூம் கேட்டு வரும் ஆளாக இருந்தால் எந்தப் பதில் உங்களுக்கு உதவும்?" என்று மூவருக்கும் ஒரே வாக்கியத்தை எழுதிக் கொடுத்தேன். இடது என்றால் L, வலது என்றால் R, சமம் என்றால் S, இரண்டும் மோசம் என்றால் X. கடைசி இரண்டும் அவசியம். அவை இல்லாவிட்டால் இரண்டு குப்பைகளில் ஒன்றுக்குக் கட்டாயமாக ஓட்டு விழும்.

பேப்பர்கள் திரும்பி வந்ததும், விடைச்சாவியைத் திறப்பதற்கு முன்பே ஒன்றைப் பார்த்தேன். இடது, வலது எத்தனை? பக்கங்களைக் கலக்கியிருப்பதால் இரண்டும் ஏறக்குறையச் சமமாக வர வேண்டும். அத்தைக்கும் மாணவிக்கும் அப்படித்தான் வந்தது. டிரைவர் அண்ணன் பக்கம் தேர்ந்தெடுத்த 26 கேள்விகளில் 20 இடது! சந்தேகம் தீர 8 கேள்விகளைப் பக்கம் மாற்றி மறுபடி கொடுத்தேன். அவற்றில் 6-க்கு மீண்டும் இடதையே தேர்ந்தெடுத்தார். அதாவது போன தடவை எதை வேண்டாம் என்றாரோ அதையே. அவரிடம் கேட்டபோது மறைக்காமல் சொன்னார்: "மொதல்ல படிச்சதே நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. அதுக்கப்புறம் மத்தத மேலோட்டமா பாத்தேன்." தப்பு அவர் மேல் இல்லை. நாள் முழுக்க வண்டி ஓட்டிவிட்டு வந்தவரிடம் ஒரே மூச்சில் 30 ஜோடி கொடுத்தது என் தப்பு. அவர் பேப்பரை ஒதுக்கிவிட்டு மாணவியின் அக்காவிடம் கொடுத்தேன், இந்த முறை நாளைக்குப் பத்து வீதம் மூன்று நாட்களுக்கு.

சாவியைத் திறப்பது

ஒவ்வொரு கேள்விக்கும் மூவரில் இருவர் சொன்னதை முடிவாக எடுத்து H காலத்தில் இட்டேன். மூவரும் மூன்று விதம் என்றால் S. பிறகு I2-ல்:

```
=IF(H2="L",IF(E2<0.5,"OLD","NEW"),
 IF(H2="R",IF(E2<0.5,"NEW","OLD"),H2))
```

இதைக் கீழே இழுத்துவிட்டு, COUNTIF போட்டு எண்ணினேன். புதியது 17, பழையது 7, சமம் 4, இரண்டும் மோசம் 2.

மூவர் ஓட்டையும் 90 ஓட்டாக எண்ணாமல் 30 முடிவாக எண்ணியதற்குக் காரணம் உண்டு. ஒரே ஜோடியைப் படித்த மூன்று பேரின் ஓட்டு மூன்று தனிச் செய்திகள் அல்ல. 90 என்று எண்ணினால் நமக்கு இல்லாத நம்பிக்கை வந்துவிடும்.

சரி, 24-க்கு 17 என்பது உண்மையான வெற்றியா, தற்செயலா? இரண்டு பிராம்ப்டும் சமமான தரம் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு கேள்வியும் நாணயம் சுண்டுவது போலத்தான். 24 முறை சுண்டினால் 17 அல்லது அதற்கு மேல் தலை விழ எவ்வளவு வாய்ப்பு என்று எக்ஸெலே சொல்லும்:

```
=1-BINOMDIST(16,24,0.5,TRUE)
```

விடை 0.032, அதாவது நூற்றுக்கு மூன்று. பழையது இதே அளவுக்கு ஜெயித்திருந்தாலும் நான் குதித்திருப்பேன் என்பதால் இரு பக்கத்துக்கும் சேர்த்து நூற்றுக்கு ஆறு என்று எடுத்துக்கொள்வது நேர்மை. தற்செயலாக இருக்க வாய்ப்பு குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. ஏழெட்டுக் கேள்விகளை வைத்துக்கொண்டு முடிவு செய்பவர்கள் இந்தப் பார்முலாவை ஒரு முறை போட்டுப் பார்க்கலாம்.

மாமாவுக்கு ஒரே சந்தோஷம். "நான்தான் அப்பவே சொன்னேன்ல!" என்றார். எனக்கு ஓர் உறுத்தல் இருந்தது. புதிய பதில்கள் எல்லாமே நீளம். நீளமான பதில், தலைப்பும் புள்ளியும் போட்ட பதில் ஆகியவற்றுக்கு மக்கள் கூடுதலாக ஓட்டுப் போடுவது தெரிந்த விஷயம். சாட்பாட் அரீனாவிலேயே 2024 ஆகஸ்டில் நீளம், அலங்காரம் ஆகியவற்றின் தாக்கத்தைக் கழித்துப் பார்க்கும் கணக்கைச் சேர்த்தார்கள். நம்மால் அந்த அளவு கணக்குப் போட முடியாவிட்டாலும் `=LEN(C2)`, `=LEN(D2)` என்று போட்டு எழுத்துகளை எண்ண முடியும். முடிவு கிடைத்த 24 ஜோடிகளில் நீளம் கிட்டத்தட்டச் சமமாக இருந்தவை 8. அவற்றில் புதியது 4, பழையது 4. வெற்றி முழுவதும் நீளமான ஜோடிகளிலிருந்துதான் வந்திருந்தது. எட்டு ஜோடி என்பது மிகக் குறைவு, அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் பதில்களை ஒவ்வொன்றாக உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று அது சொன்னது.

ஜெயித்த தப்புப் பதில்

11-ஆம் கேள்வி: "கோவைல இருந்து சொந்த கார்ல ஃபேமிலியா வரோம். இபாஸ் எடுக்கணுமா?" சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம் ஆக்கப்பட்டது. பழைய பிராம்ப்டின் பதில் இரண்டே வரி. ஆம், கிளம்பும் முன்பே epass.tnega.org என்ற அரசுத் தளத்தில் பதிவு செய்யுங்கள் என்று சொன்னது. புதியதோ குடும்பத்தை வரவேற்று, பழநி மலைப்பாதையின் அழகைச் சொல்லி, குழந்தைகளுக்கு ஸ்வெட்டர் எடுத்து வரச் சொல்லி, நடுவில் "வெளிமாநில வாகனங்களுக்கு மட்டுமே இ-பாஸ் தேவை, நீங்கள் கவலைப்பட வேண்டாம்" என்றது. முழுத் தப்பு. இதற்கு இருவர் ஓட்டுப் போட்டிருந்தார்கள்!

ஏன்? மூவருமே மலையில் குடியிருப்பவர்கள். சுற்றுலாப் பயணியாகக் காரில் வந்து இ-பாஸ் எடுத்த அனுபவம் அவர்களுக்கு இல்லை. தெரியாத விஷயத்தில் அன்பாகவும் உறுதியாகவும் பேசியவரை நம்பினார்கள், நாம் எல்லோரும் செய்வது போல. ஆனால் இந்தப் பதிலை நம்பி ஒரு குடும்பம் வந்திருந்தால், வளைந்து வளைந்து மலையேறி, பெருமாள்மலையைத் தாண்டி, வாந்தி எடுத்துச் சோர்ந்த குழந்தைகளோடு சோதனைச்சாவடியில் நின்றிருக்கும்.

குறிஞ்சிப் பூ பற்றிய கேள்வியும் அப்படித்தான். பழைய பதில், நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும், கடைசியாக 2018, அடுத்தது 2030 என்றது. புதியது, ஆகஸ்டில் வந்தால் மலை முழுக்க நீல நிறமாகப் பார்க்கலாம் என்று வர்ணித்தது. மூவரில் இருவர் பழையதற்கு ஓட்டுப் போட்டார்கள், ஏனென்றால் 2018-ஐ அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள்.

மறைத்து ஒப்பிடுவது ஒரு பதில் மக்களுக்குப் பிடிக்கிறதா என்பதைத்தான் சொல்லும். படிப்பவருக்குத் தெரியாத விஷயத்தில் அது உண்மையா என்பதைச் சொல்லாது. அதனால் J, K என்று இரண்டு காலங்கள் சேர்த்து, மாமாவையும் அவருடைய டைரியையும் அரசு அறிவிப்புகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு 60 பதில்களையும் சரி, தப்பு என்று குறித்தேன். மறைத்து ஒப்பிடும் வேலைக்கு ஆகாத மாமா இந்த வேலைக்குச் சரியான ஆள். பழையதில் 1 தப்பு, புதியதில் 4 தப்பு. புதிய பிராம்ப்டை எழுதும்போது "குறிப்பில் இருப்பதை மட்டும் சொல்" என்ற வரியை நான் விட்டிருந்தேன். இத்தனைக்கும் காரணம் அந்த ஒரு வரி.

மூன்றாவது பிராம்ப்ட் எழுதினேன். புதியதன் அன்பான நடை, பழையதன் "குறிப்பில் இருப்பதை மட்டும்" என்ற வரி, அதோடு "கேட்டதற்கு நேரான விடை முதல் வாக்கியத்தில் வர வேண்டும்" என்ற வரி. அதைச் சோதிக்க அதே 30 கேள்விகளை எடுக்கவில்லை. அவற்றின் விடைகளைப் பார்த்துத்தானே இந்தப் பிராம்ப்டையே எழுதியிருக்கிறேன்? கேள்வித்தாளைப் பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதுவது போல ஆகிவிடும். வாட்ஸ்அப்பிலிருந்து புதிதாக 20 கேள்விகள் எடுத்து, பழைய பிராம்ப்டோடு ஒப்பிட்டேன். இந்த முறை முதலில் சரி, தப்பு பார்த்தேன், பிறகுதான் ஓட்டு. திருப்பூரிலிருந்து காரில் வந்து தங்கியிருந்த விருந்தினர் ஒருவரையும் படிப்பவராகச் சேர்த்துக்கொண்டேன். மூன்றாவது 12, பழையது 5, சமம் 3. தப்பு இரண்டிலும் ஒன்று ஒன்று.

மேலே சொன்ன பார்முலாவில் இதைப் போட்டால் 0.07 வருகிறது. மாமா "போதும் மாப்ளே, போட்டுடு" என்றார். ஜெயிக்கும் வரை கேள்விகளைக் கூட்டிக்கொண்டே போய், ஜெயித்தவுடன் நிறுத்துவதும் ஒரு வகை ஏமாற்றுதான் என்பதால், இன்னும் 20 மட்டும், அதோடு நிறுத்தம் என்று பேப்பரில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அந்த 20 பேப்பர்களும் இப்போது அத்தையிடம் இருக்கின்றன. காபி போட்டுக் கொடுத்துவிட்டேன்.